ஜெர்சித் துணியின் ஓரம் சுருள்வது ஏன்? பாப்ளின் பட்டை கழுத்தில் நீளாதது ஏன்?

தையல்மேசை:
வீட்டில் தையல் எந்திரம் வைத்திருக்கிறேன். இதுவரை பாவாடை, சட்டை, ரவிக்கை என்று நெசவுத் துணிகளையே தைத்து வந்தேன். அக்காவின் மகனுக்கு ஒரு டி-ஷர்ட் தைக்கலாம் என்று திருப்பூரிலிருந்து கிலோ கணக்கில் வாங்கி வந்த பருத்தி சிங்கிள் ஜெர்சி என்ற பின்னல் துணியை வெட்டினேன். வெட்டிய ஐந்து நிமிடத்தில் பக்க ஓரங்கள் உட்புறமாகவும், கீழ் ஓரம் வெளிப்புறமாகவும் குழல்போலச் சுருண்டுவிட்டன. இஸ்திரி போட்டால் படிகின்றன, கை வைத்தால் மீண்டும் சுருள்கின்றன. எப்படியோ தைத்து முடித்துக் கழுத்துக்கு மட்டும் வீட்டிலிருந்த பாப்ளினில் சாய்வாகக் குறுக்குப் பட்டை வெட்டி வைத்தேன். கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ., பையனின் தலைச் சுற்றளவு 51 செ.மீ. தலை நுழையவில்லை. வலிந்து இழுத்தபோது தையல் நூல் அறுந்தது. ஜெர்சி இவ்வளவு நீளும்போது பாப்ளின் ஏன் நீளவில்லை, இந்தச் சுருளலை நிறுத்த முடியுமா என்ற இரண்டையும் யாராவது விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பாவுத்தறி:
எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தறி ஓடுகிறது. நெசவில் நெடுக்கில் ஓடும் பாவும் குறுக்கில் ஓடும் ஊடையும் ஒன்றையொன்று நேர்க்குத்தாகக் கடந்து இறுகப் பிடித்துக்கொள்கின்றன. ஒவ்வொரு நூலும் மேலும் கீழும் சற்று நெளிந்து செல்கிறது, அந்த நெளிவு நிமிரும் அளவுக்குத்தான் துணி நீளும். அதற்குமேல் இழுத்தால் நூலையே இழுக்கிறீர்கள், பருத்தி நூல் அவ்வளவாக நீளாது. நூலுக்குச் சாய்வாக வெட்டிய குறுக்குப் பட்டை மட்டும் கொஞ்சம் நீளும். அங்கே பாவும் ஊடையும் சதுரத்திலிருந்து சாய்சதுரமாகச் சரிகின்றன, நூல் நீள்வதில்லை.

ஜெர்சி சுருள்வதற்குக் காரணம் நூலின் முறுக்கு. ஒற்றை நூலை முறுக்கி நூற்றால் அது அந்த முறுக்கை அவிழ்க்கவே பார்க்கும். இரட்டை நூலால் பின்னிய துணியை வாங்குங்கள், சுருளாது.

கண்ணிக்கணக்கு:
பாவுத்தறி ஐயா நெசவைப் பற்றிச் சொன்னதில் குறையொன்றும் இல்லை. ஆனால் முறுக்கைப் பற்றிச் சொன்னது வேறொரு நோய்க்கான மருந்து. முப்பது ஆண்டுகளுக்கு மேல் வட்டப் பின்னல் எந்திரங்களோடு இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒற்றை நூலின் முறுக்கு அவிழ முயல்வதால் வருவது திருகல். நாலைந்து சலவைக்குப் பிறகு டி-ஷர்ட்டின் பக்கத் தையல் வயிற்றுப் பக்கம் வந்து நிற்கிறதே, அதுதான் அது. இரட்டை நூலைப் போட்டாலோ, வலமுறுக்கு நூலையும் இடமுறுக்கு நூலையும் மாற்றி மாற்றி ஓட்டினாலோ திருகல் பெரும்பாலும் அடங்கிவிடும். அப்படிப் பின்னிய ஜெர்சியையும் வெட்டி மேசையில் வைத்துப் பாருங்கள், ஓரம் அதே போலச் சுருளும். முறுக்கை நீக்கிய பிறகும் நிற்கிற ஒன்றுக்கு முறுக்கு காரணமாக இருக்க முடியாது.

காரணம் கண்ணியின், அதாவது பின்னலில் நூல் வளைந்து உண்டாகும் வளையத்தின், வடிவத்தில் இருக்கிறது. அதன் இரு பக்கங்கள் கால்கள், மேல்வளைவு தலை, கீழ்வளைவு அடி. ஜெர்சியின் முகப்பில் நாம் காண்பது கண்ணிகளின் கால்களை, அவைதான் நெடுக்கில் ‘வி’ வரிசையாகத் தெரிகின்றன. பின்புறத்தில் தெரிவது கண்ணிகளின் தலைகளும் அடிகளும், அவை குறுக்கில் பிறை பிறையாக இருக்கும். இப்போது ஒரே ஒரு கண்ணியைப் பக்கவாட்டிலிருந்து பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அடி துணியின் பின்புறத்தில் தொடங்குகிறது, கால் முகப்புக்கு வருகிறது, தலை மீண்டும் பின்புறம் போகிறது. அதாவது நூல் முகப்பு நோக்கிப் புடைத்த ஒரு வில். வளைத்த நூல் நிமிரத்தான் பார்க்கும். அந்த வில் நிமிர்ந்தால் அதன் இரு முனைகளும், அதாவது மேலும் கீழும், முகப்பை நோக்கி வரவேண்டும். உங்கள் துணியின் கீழ் ஓரம் வெளிப்புறமாகச் சுருண்டது இதனால்தான்.

அதே கண்ணியை மேலிருந்து பாருங்கள். ஒரு கால் முகப்பில் இருக்கிறது, தலை பின்புறம் வளைந்து போகிறது, அடுத்த கால் மீண்டும் முகப்பில். இந்த வில் பின்புறம் நோக்கிப் புடைத்திருக்கிறது. அது நிமிரும்போது இடமும் வலமும் பின்னோக்கிப் போகும், ஆகவே பக்க ஓரங்கள் உட்புறமாகச் சுருள்கின்றன. துணியின் நடுவிலும் இதே விசைகள் இருக்கின்றன, ஆனால் அங்கே ஒவ்வொரு கண்ணியையும் நாற்புறமும் அண்டைக் கண்ணிகள் பிடித்திருக்கின்றன. மேலும் ஒரு தட்டையான பரப்பு ஒரே இடத்தில் இரு திசைகளிலும் எதிரெதிராக எளிதில் வளையாது. ஓரத்தில் ஒரு பக்கம் பிடிப்பவர் இல்லை, அங்கே விசை வென்றுவிடுகிறது.

நம்பிக்கை வராவிட்டால் 10 செ.மீ. சதுரமாக ஒரு துண்டை வெட்டி, லேசாக இழுத்து விடுங்கள். எதிரெதிர் இரு ஓரங்கள் ஒரு பக்கமும், மற்ற இரண்டும் மறுபக்கமும் சுருளும். மூலைகளில் இரண்டும் சண்டையிட்டு நிற்கும். துணியின் முகப்பு எது, நெடுக்கு எது என்று தெரியாமல் நிற்கும்போது இதைவிட விரைவான சோதனை எனக்குத் தெரியாது.

பாவுத்தறி:
ஒத்துக்கொள்கிறேன், திருகலையும் சுருளலையும் நான் ஒன்றாகப் போட்டுவிட்டேன். ஆனால் ஓர் ஐயம். நெசவிலும் நூல் வளைந்துதான் போகிறது. அப்படியானால் பாப்ளினும் சுருள வேண்டுமே? எங்கள் தறியில் சாட்டின் வகைத் துணி வெட்டும்போது ஓரம் மடங்குவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆகவே நெசவுத் துணி சுருளாது என்றும் சொல்லிவிட முடியாது.

கண்ணிக்கணக்கு:
நல்ல கேள்வி, ஐயா. விடையும் உங்கள் கையிலேயே இருக்கிறது. சாதா நெசவில் நூல் ஒருமுறை மேலே போனால் அடுத்த முறை கீழே போகிறது. முகப்பை நோக்கி ஒரு வளைவு, பின்னோக்கி ஒரு வளைவு என்று கணக்கு நேராகிவிடுகிறது, எனவே பாப்ளின் படுத்துக் கிடக்கிறது. சாட்டினில் ஒரு முகத்தில் பாவு நீளநீளமாக மிதக்கிறது, மறுமுகத்தில் ஊடை மிதக்கிறது. இருபுறமும் சமமில்லாததால் மடங்குகிறது. நெசவு பின்னல் என்ற பிரிவைவிட, முகப்பும் முதுகும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்பதுதான் சுருளலைத் தீர்மானிக்கிறது. பின்னலிலும் இன்டர்லாக்கை எடுத்துக்கொண்டால் இரு முகமும் ஒன்றே, அது சுருளாது.

இருஊசி:
நான் கம்பளி நூலில் கைப்பின்னல் போடுபவள். ஒரு கழுத்துத்துண்டு பின்னினேன், முழுவதும் முகப்பில் ‘வி’ வரிசை வரும்படி. முடித்தபோது அது துண்டாக இல்லை, நெடுகச் சுருண்ட ஒரு குழாயாக இருந்தது. ஈரமாக்கி, ஊசி குத்தி விரித்துக் காயவைத்தேன். இரண்டு வாரம் தட்டையாக இருந்தது, துவைத்ததும் பழைய குழாய். பிறகு அக்ரிலிக் நூலில் இன்னொன்று பின்னி, நீராவி இஸ்திரியைக் கொஞ்சம் அதிகமாகவே காட்டினேன். அது நிரந்தரமாகப் படிந்துவிட்டது, ஆனால் துவண்டு போய்விட்டது. இழுத்தால் நீள்கிறது, திரும்புவதில்லை. என் கேள்வி இதுதான்: எந்த நூலை வாங்கினால் சுருளாது?

கண்ணிக்கணக்கு:
நீங்கள் நூலைப் பற்றிக் கேட்கிறீர்கள், சகோதரி. ஆனால் உங்கள் அக்ரிலிக் துண்டு தையல்மேசை கேட்ட இரண்டு கேள்விகளையும் ஒன்றாக்கிவிட்டது. துணியைச் சுருட்டுவது வளைந்த நூல் நிமிர முயலும் விசை. இழுத்த துணியைத் திரும்ப வரச்செய்வதிலும் பெரும்பங்கு அதே விசைக்குத்தான். அக்ரிலிக்கைச் சூட்டால் அந்த வளைவிலேயே உறையவைத்தீர்கள், நூலுக்கு நிமிரும் எண்ணம் போய்விட்டது. சுருளல் நின்றது, அதோடு மீளும் திறனும் நின்றது. ஒன்றை மட்டும் தனியே எடுக்க முடியவில்லை.

உங்கள் துண்டுக்கு நூலை மாற்ற வேண்டாம். இரு பக்க ஓரங்களிலும் நாலைந்து கண்ணிகளை எல்லா வரிசையிலும் முன்கண்ணியாகவே போட்டு வாருங்கள், இரு முகமும் ஒன்றாக இருக்கும் அந்தக் கரை பெரும்பாலும் சுருளலைத் தாங்கிக்கொள்ளும். மெல்லிய கரையாக இருந்தால் உள்ளிருக்கும் ஜெர்சி அதையும் சேர்த்து மடக்கிவிடும், அகலம் வேண்டும்.

இனி நீட்சிக்கு வருகிறேன். 30-ஆம் எண் நூலில் பின்னிய சாதாரண டி-ஷர்ட் துணியில் ஒரு கண்ணிக்குச் செலவாகும் நூல் சுமார் 2.8 மி.மீ. அந்தக் கண்ணி துணியில் அடைத்துக்கொள்ளும் இடமோ அகலத்தில் ஏறக்குறைய 0.7 மி.மீ., உயரத்தில் 0.5 மி.மீ. மட்டும்தான். 1959-இல் மண்டன் என்ற ஆய்வாளர், தளர்ந்த நிலைக்கு வந்த ஜெர்சியில் கண்ணிகளின் நெருக்கத்தை இந்த நூல் நீளமே தீர்மானிக்கிறது என்று காட்டினார். இன்றும் எந்திரத்தில் முதலில் சரிபார்ப்பது அதைத்தான். மிச்ச நூல் முழுவதும் வளைவுக்குள் சேமிப்பாக இருக்கிறது. அகலத்தில் இழுத்தால் கால்களில் உள்ள நூல் தலைக்கும் அடிக்கும் வழுக்கிச் சென்று, கண்ணி கிட்டத்தட்டப் படுத்தே விடும். நெடுக்கில் இழுத்தால் இரண்டு கால்களும் இணையாக நிற்க வேண்டியிருப்பதால் நூலின் பாதி நீளம்தான் பயன்படும். ஜெர்சி நெடுக்கைவிடக் குறுக்கில் அதிகம் நீள்வதன் காரணம் இவ்வளவுதான். பாப்ளினுக்கு இந்தச் சேமிப்பே கிடையாது.

தையல்மேசை:
கண்ணிக்கணக்கு ஐயாவின் பதிலைப் படித்துவிட்டு அளந்தே பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஒவ்வொரு துணியிலும் 10 செ.மீ. குறித்து, கையால் நன்றாக இழுத்து, அளவுகோலில் வைத்துப் பார்த்தேன். பாப்ளின் நேர்ப்பட்டை 10.3 ஆனது. பாப்ளின் குறுக்குப் பட்டை 11.6. ஜெர்சி நெடுக்கில் 12.5, குறுக்கில் 15. கழுத்துப் பட்டைக்கென்று கடையில் வாங்கிய ஒன்றுக்கு ஒன்று ரிப் பின்னல் 18 வரை போனது.

என் தவறு இப்போது கணக்கில் தெரிகிறது. 40 செ.மீ. கழுத்தில் 51 செ.மீ. தலை நுழைய வேண்டுமென்றால் நூற்றுக்கு 27.5 நீள வேண்டும். குறுக்குப் பட்டை நூற்றுக்கு 16 நீண்டு 46.4 செ.மீ.-இல் நின்றுவிட்டது. மீதி 4.6 செ.மீ.-க்கு நான் தையல் நூலைத்தான் இழுத்திருக்கிறேன்.

ஆனால் ஒன்று புரியவில்லை. குறுக்கில் 15 செ.மீ. வரை இழுத்த ஜெர்சியை அரை நிமிடம் பிடித்துவிட்டு விட்டபோது அது 10-க்குத் திரும்பவில்லை, 10.6-இல் நின்றது. மறுநாள் காலையில் 10.4. நூல் நிமிரத் துடிக்கிறது என்றால் ஏன் முழுதும் திரும்பவில்லை?

கண்ணிக்கணக்கு:
சேமிப்பு இருப்பது வேறு, செலவழித்ததைத் திருப்பி வைப்பது வேறு. ஒவ்வொரு கண்ணியும் மேலுள்ள கண்ணியோடும் கீழுள்ள கண்ணியோடும் நான்கு இடங்களில் உரசிக்கொண்டிருக்கிறது. நீங்கள் இழுத்தபோது உங்கள் கையின் வலுவில் அந்த உரசலைத் தாண்டி நூல் வழுக்கியது. விட்ட பிறகு திரும்ப இழுப்பதற்கு இருப்பது மெல்லிய பருத்தி நூலின் விறைப்பு மட்டும்தான். கடைசிச் சிறு தொலைவில் உரசல் அதைத் தடுத்து நிறுத்திவிடுகிறது. இதோடு வளைந்த நிலையிலேயே இருந்து பழகிய பருத்தி இழை, தன் வலுவில் கொஞ்சத்தை இழந்தும்விடுகிறது.

அந்தத் துண்டை நனைத்து, கசக்கி, தொங்கவிடாமல் தட்டையாகக் காயவைத்து அளந்து பாருங்கள். நீரில் ஊறும் இழை நெகிழ்ந்து கொடுக்கிறது, கசக்கும்போது உரசல் தற்காலிகமாக விடுபடுகிறது, கண்ணி தன் இயல்பான இடத்துக்கு நகர வாய்ப்புக் கிடைக்கிறது. இரண்டு நாள் உடுத்தித் தளர்ந்த டி-ஷர்ட் துவைத்ததும் பழையபடி ஆவதன் ரகசியமும் இதுவே.

கத்தரிக்கோல்:
நான் வெட்டு மாஸ்டர். மேலே நடக்கும் பேச்சு சரிதான், ஆனால் தங்கைக்கு இப்போது வேண்டியது கழுத்து. ரிப்பை கழுத்துச் சுற்றளவில் நூற்றுக்கு 85 என்று வெட்டச் சொல்வார்கள். தையல் விளிம்பு நீங்கலாக 40-க்கு 34 செ.மீ. வரும். அது 51 வரை போக வேண்டும், அதாவது ஒன்றரை மடங்கு. உங்கள் ரிப் 10-க்கு 18 போகிறது என்பதால் தலை தாராளமாக நுழையும். ஆனால் இந்த 85-ஐ வேதமாகக் கொள்ள வேண்டாம். ரிப் இளகலாக இருந்தால் 80 கூட வைப்பேன், லைக்ரா கலந்திருந்தால் 88 போதும். நீங்கள் செய்தது போல முதலில் இழுத்துப் பார்ப்பதுதான் கணக்கு.

நேர்த்தையலில் வைக்க வேண்டாம், அந்தத் தையலுக்கு நீட்சி கிடையாது. ஓவர்லாக் இல்லையென்றால் சிறிய ஜிக்ஜாக் வளைதையல் போடலாம். சுருளும் ஓரத்துக்கு நான் செய்வது: துணியை விரித்து ஒரு நாள் ஆறப்போட்டுவிட்டு வெட்டுவேன், பாகங்களைக் கத்தரித்த உடனே தைக்கக் கொடுப்பேன். வீட்டில் தைப்பவர்கள் ஓரத்தில் மட்டும் கஞ்சித் தெளிப்பான் அடித்து இஸ்திரி போட்டால் தைத்து முடிக்கும் வரை படிந்திருக்கும், துவைத்தால் போய்விடும். ஆலையிலும் இதைத்தான் பெரிய அளவில் செய்கிறார்கள். குழாயாகப் பின்னிய துணியை நெடுகப் பிளந்து விரித்து, அதன் இரு ஓரங்களிலும் பசை பூசிக் காயவைத்து அனுப்புகிறார்கள், அந்த ஓரத்தை நாங்கள் வெட்டி எறிந்துவிடுகிறோம்.

இருஊசி:
ரிப் ஏன் ஜெர்சியைவிட அதிகம் நீள்கிறது, ஏன் சுருளவில்லை என்பதை யாரும் சொல்லவில்லையே. இரண்டும் ஒரே கண்ணிதானே?

கண்ணிக்கணக்கு:
ஒரே கண்ணிதான், ஆனால் ஒரு நெடுவரிசை முகப்பைப் பார்க்கிறது, அடுத்தது முதுகைக் காட்டுகிறது. ஜெர்சியில் எல்லா வரிசைகளும் ஒரே பக்கம் வளைந்ததால் ஓரம் சுருண்டது. ரிப்பில் அடுத்தடுத்த வரிசைகள் எதிரெதிராக வளைகின்றன. முழுத் துணிக்கும் கணக்கு நேராகிவிடுவதால் ஓரம் சுருளாது. அந்த விசையோ எங்கும் போய்விடவில்லை. அது துணிக்குள்ளேயே ஒவ்வொரு வரிசையையும் அடுத்ததன் பின்னால் மடித்துத் தள்ளுகிறது, விசிறி மடிப்பு போல. இழுக்கும்போது முதலில் அந்த மடிப்பு விரிகிறது, பிறகுதான் கண்ணிகள் நீளத் தொடங்குகின்றன, அதனால்தான் 18 வரை போகிறது. விட்டதும் மடிப்பு தானே மூடிக்கொள்கிறது. தையல்மேசையின் டி-ஷர்ட் ஓரத்தைக் கெடுத்த அதே சுருளல்தான் கழுத்துப்பட்டையைத் தலை நுழைந்த பின் இறுகப் பிடித்துக்கொள்கிறது என்பது எனக்கு இன்றும் வேடிக்கையாகத் தோன்றும்.

மூன்றாம்மாடி:
நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும், என் சிக்கலும் இதைச் சேர்ந்ததே. ஏற்றுமதி ஆர்டர் ஒன்றுக்கு நூற்றுக்கு 95 பருத்தி, 5 லைக்ரா உள்ள சிங்கிள் ஜெர்சி வந்திருக்கிறது. ஓரச் சுருளல் மிக மோசம். வெட்டுவதற்குத் துணியைப் பாய்போல விரித்து அடுக்கவே முடியவில்லை. பசை பூசிய ஓரத்தை வெட்டிய கணமே சுருள்கிறது. சாயப் பட்டறைக்காரர் பின்னலில் கண்ணி நீளம் குறைந்துவிட்டது என்கிறார், பின்னல் கொடுத்தவர், துணியை விரித்துப் பிடித்துச் சூடேற்றும் ஸ்டென்டர் எந்திரத்தில் வெப்பம் போதவில்லை என்கிறார். யாரை நம்புவது?

கத்தரிக்கோல்:
இருவரும் உண்மை சொல்லக்கூடும், தம்பி. என் அனுபவத்தில் ஸ்டென்டர்காரரிடம்தான் முதலில் கேட்பேன்.

கண்ணிக்கணக்கு:
லைக்ரா இழை ஒவ்வொரு வரிசையிலும் பருத்தியோடு சேர்ந்து, முதுகுப் பக்கமாகத் தங்கிப் பின்னப்படுகிறது. எந்திரத்திலிருந்து இறங்கியதும் அது சுருங்கிக் கண்ணிகளை நெருக்கிக் குத்திட்டு நிற்கவைக்கிறது. வளைவு கூடுகிறது, இரு முகங்களுக்கும் உள்ள வேறுபாடும் கூடுகிறது, ஆகவே சுருளலும் கூடுகிறது. இதைத் தணிக்கத்தான் துணியை அகலத்தில் விரித்துப் பிடித்து 190 டிகிரி அளவில் அரை நிமிடம் முக்கால் நிமிடம் வெப்பம் கொடுத்து, லைக்ராவை அந்த அளவில் நிலைநிறுத்துகிறோம். வெப்பம் குறைந்தால் லைக்ரா பழைய சுருக்கத்தை மறக்காது. கூடினால் வெள்ளைத் துணி மஞ்சளிக்கும், லைக்ராவின் மீளும் திறனும் குறையும்.

பிரித்தறிய ஒரு வழி உண்டு. வந்த துணியின் அகலத்தையும், ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற ஜிஎஸ்எம்-ஐயும் குறித்துக்கொண்டு, ஒரு மீட்டரை வெந்நீரில் துவைத்து, தட்டையாகக் காயவைத்து மறுபடி அளந்து பாருங்கள். அகலம் வெகுவாகக் குறைந்து ஜிஎஸ்எம் ஏறியிருந்தால் வெப்பநிலைப்படுத்தல் போதவில்லை என்று கொள்ளலாம். அகலம் பெரிதாக மாறாமல், சுருளல் மட்டும் அப்படியே இருந்தால் கண்ணி நீளத்தைப் பாருங்கள். ஒரு வரிசையில் 100 கண்ணிகளுக்கு உரிய நூலைப் பிரித்தெடுத்து, நெளிவு போகும் அளவுக்கு மட்டும் இழுத்து அளந்து, பின்னல் சீட்டில் எழுதியதோடு ஒப்பிடுங்கள்.

மூன்றாம்மாடி:
அளந்தேன், ஐயா. வெட்டும் முன் அகலம் 168 செ.மீ., துவைத்த பின் 157. ஜிஎஸ்எம் 190-லிருந்து 214 ஆகிவிட்டது. கண்ணி நூலையும் அளந்தேன். சீட்டில் 100 கண்ணிக்கு 30 செ.மீ. என்று இருக்கிறது, எனக்கு 29 வந்தது.

கண்ணிக்கணக்கு:
அப்படியானால் இருவரிடமும் கொஞ்சம் குறை இருக்கிறது. 29-ஐ வைத்துப் பின்னல்காரர் மீது பெரிதாகப் பழி சொல்ல மாட்டேன், நூலை நிமிர்த்தும்போது கையின் இழுவையிலேயே அந்த அளவு மாறிவிடும். ஐந்து இடங்களிலாவது எடுத்துச் சராசரி பாருங்கள். அகலம் 11 செ.மீ. போனதுதான் எனக்கு உறுத்துகிறது. மறுபடி ஸ்டென்டரில் ஓட்டலாம், ஆனால் சாயம் ஏறிய துணியில் நிறம் மாறாமல் இருக்குமா என்று சிறு துண்டில் பார்த்துவிட்டு ஓட்டச் சொல்லுங்கள்.

கத்தரிக்கோல்:
மறுபடி ஓட்டினாலும் வெட்டு மேசையில் சுருளல் முழுதும் போய்விடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அதில் ஐயாவுக்கும் எனக்கும் பல ஆண்டு வழக்கு. அவர் பாதிக்கு மேல் குறையும் என்பார், நான் அப்படி ஒரு லாட்டையும் பார்த்ததில்லை.

தையல்மேசை:
ஜெர்சித் துண்டை நனைத்துக் காயவைத்து அளந்தேன், 10.1 செ.மீ. ரிப் பட்டையை 34 செ.மீ. வெட்டி, சிறிய வளைதையலில் வைத்துவிட்டேன். பையனின் தலை நுழைந்தது, கழுத்தும் படிந்து நிற்கிறது. கீழ் ஓரத்தை மட்டும் ஒற்றை மடிப்பாகத் தைத்தேன், அது தையலையும் சேர்த்து வெளிப்புறமாகப் புரள்கிறது. மடிப்பை இன்னும் அகலமாக வைத்திருக்க வேண்டுமா?

கத்தரிக்கோல்:
எவ்வளவு வைத்தீர்கள்?

தையல்மேசை:
ஒரு செ.மீ.

கத்தரிக்கோல்:
இரண்டரை வையுங்கள், இரட்டை ஊசி இருந்தால் அதில் தையுங்கள். அழுத்திப் பிடித்து இழுத்துத் தைக்க வேண்டாம், இழுத்துத் தைத்த ஓரம்தான் முதலில் புரளும்.